Ca(OH)2 கரைதிறன் பெருக்கம்: அமில நியமிப்பில் நூல் மதிப்பைவிட ஏழு மடங்கு வருகிறது, எங்கே பிழை?

கோப்பாய்_13ஆம்தரம் எழுதியது:

வணக்கம். உயர்தரச் செய்முறையில் வரும் கல்சியம் ஐதரொட்சைட்டின் கரைதிறன் பெருக்கப் பரிசோதனை பற்றியது. நாங்கள் செய்ததை அப்படியே தருகிறேன்.

250 மி.லீ. காய்ச்சி வடித்த நீரில் ஏறக்குறைய 1 கிராம் Ca(OH)2 போட்டு, மூடிய போத்தலில் நன்றாகக் குலுக்கி ஒரு நாள் வைத்தோம். அடியில் திண்மம் தங்கியிருந்தது. வடிகட்டி, 25.00 மி.லீ. குழாயியால் எடுத்து, 0.0500 M HCl கொண்டு பினோல்தலீன் காட்டியுடன் நியமித்தோம். மூன்று வாசிப்புகள்: 20.40, 20.45, 20.35. வெப்பநிலை 30 பாகை.

கணக்கு:

```
[OH-]  = 0.0500 × 20.40 / 25.00 = 0.0408 M
[Ca2+] = 0.0408 / 2             = 0.0204 M
Ksp    = 0.0204 × (0.0408)^2    = 3.4 × 10^-5
```

அட்டவணையில் 25 பாகைக்கு 5.0 × 10^-6 என்று இருக்கிறது. எங்கள் விடை அதைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு. வாசிப்புகள் மூன்றும் ஒத்துப்போகின்றன, அமிலத்தையும் நீரற்ற சோடியம் காபனேற்றுக்கு எதிராகச் சரிபார்த்துவிட்டோம். வேறு எதைத் தேடுவது?

---

வைகைக்கரை எழுதியது:

உங்க தப்பு எனக்குத் தெரியுது தம்பி. ஒரு இடத்தில் 2-ஆல் வகுக்க விட்டுட்டீங்க.

அட்டவணை மதிப்பிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பாருங்க. Ksp = 4s³. 5.0 × 10^-6-ஐ 4-ஆல் வகுத்துக் கனமூலம் எடுத்தா s = 0.0108 M. அப்போ OH 0.0216 M. 25 மி.லீ. தெவிட்டிய கரைசலுக்கு 0.05 M அமிலம் 10.8 மி.லீ. தான் போகணும். உங்களுக்கு 20.4 போயிருக்கு, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அமிலம் 0.05 இல்ல, 0.025 ஆக இருக்கும். இல்லன்னா கணக்கில் இரண்டு விட்டுப்போயிருக்கும். அந்த 2-ஐச் சரி பண்ணினா 3.4 × 10^-5 எட்டில் ஒரு பங்காகி 4.2 × 10^-6 வரும். அட்டவணையோட பொருந்திடுச்சு பாருங்க.

---

தெளிநீர் எழுதியது:

வைகைக்கரை சொல்லும் பின்னோக்கிய கணக்கு சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. இந்தப் பரிசோதனையில் மாணவர்களை அதிகம் ஏமாற்றும் பொறி இதுவே என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

Ca(OH)2 தண்ணீரில் எவ்வளவு கரையும் என்பது நன்றாக அளக்கப்பட்ட விஷயம். 20 பாகையில் லீற்றருக்கு 1.7 கிராம் அளவு, சூடு ஏற ஏறக் குறைந்து 100 பாகையில் 0.7 கிராமுக்கும் கீழே போகும். 74.1 ஆல் வகுத்தால் அறை வெப்பநிலையில் 0.020 முதல் 0.023 M வரை வரும். கோப்பாய் மாணவருக்குக் கிடைத்த 0.0204 M என்பது லீற்றருக்கு 1.51 கிராம். 30 பாகைக்கு அது சரியான இடத்தில் இருக்கிறது. வைகைக்கரை எதிர்பார்க்கும் 0.0108 M என்றால் லீற்றருக்கு 0.80 கிராம். 30 பாகையில் அவ்வளவு குறைவாக யாருக்கும் வராது.

ஆக அளவியும் பிழைக்கவில்லை, கணக்கில் 2 உம் விடுபடவில்லை. பிழை 4s³ ஐ எடுத்து அட்டவணையோடு நேரே ஒப்பிடுவதில் இருக்கிறது. கிட்டத்தட்ட இரண்டு மடங்காக வந்தது தற்செயல். அந்தத் தற்செயல்தான் எல்லாரையும் “எங்கோ ஒரு 2 ஐ விட்டுவிட்டோம்” என்று தேட வைக்கிறது. இரண்டு முறை வகுத்து “சரியான” விடையை எழுதிக்கொடுத்தால் புள்ளியும் கிடைத்துவிடும். அதனால்தான் இந்தப் பிழை சாகாமல் இருக்கிறது.

தம்பி, கல்சியத்தைத் தனியாக அளந்து பார்க்க ஈ.டி.டி.ஏ. இருக்கிறதா? இருந்தால் அமிலத்தின் செறிவு பற்றிய சந்தேகமே எழாது.

---

வைகைக்கரை எழுதியது:

அப்போ அட்டவணையில் போட்டிருக்கிறது தப்பா? எல்லாப் புத்தகத்திலும் 10^-6 வரிசையில்தானே இருக்கு? 5.0, 5.5, 6.5 என்று முன்னே பின்னே இருந்தாலும் 10^-5 என்று எங்கேயும் பார்க்கலையே.

---

சூளைமேட்டுச்சுண்ணம் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். நாங்க கட்டட வேலைக்கு நீர்த்த சுண்ணாம்பு மூட்டை வாங்குறோம். தரம் பார்க்க இதே மாதிரி தண்ணியில் கரைச்சு, வடிகட்டி, அமிலம் விட்டுப் பார்த்தோம். மூணு கடைச் சரக்கும் ஒரே அளவு காட்டுது. ஆனா ஒண்ணு கண்ணுக்கே தெரியுது மட்டமான சரக்குன்னு, உள்ளே மண்ணும் கல்லும். இந்த டைட்ரேஷன் சுத்தத்தைக் காட்டாதா?

---

தெளிநீர் எழுதியது:

காட்டாதுங்க. உங்களுடையது வேறு கேள்வி, ஆனால் பதில் இந்த இழைக்கும் உதவும்.

கரைசல் நிரம்பிவிட்டால், அடியில் மிச்சம் கிடப்பது ஒரு கரண்டியா ஒரு கூடையா என்பது கரைசலுக்குத் தெரியாது. பாதி மண்ணாக இருந்தாலும், நிரம்பும் அளவுக்குச் சுண்ணாம்பு இருந்தால் ஒரே வாசிப்புதான் வரும். உங்கள் மூன்று சரக்கும் ஒத்துப்போனது அதனால்தான். தரம் பார்க்க எடை போட்ட மாதிரி முழுவதையும் கரைக்க வேண்டும். அதற்குச் சர்க்கரைக் கரைசலில் கரைத்து, பினோல்தலீன் போட்டு HCl விடும் முறை இருக்கிறது. சர்க்கரை சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்ளும், காபனேற்றாக மாறியதைத் தொடாது.

மாணவருக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. பழைய போத்தலிலிருந்து எடுத்த Ca(OH)2 பாதி காபனேற்றாகப் போயிருந்தாலும் இந்தப் பரிசோதனை கெடாது. 250 மி.லீ. நீரில் கரைவது 0.38 கிராம் மட்டுமே. 1 கிராம் போட்டதால் மிச்சம் இருக்கும்.

---

அயன்முகில் எழுதியது:

வைகைக்கரையின் கேள்விக்கு நான் வருகிறேன். அட்டவணை தப்பில்லை. அது வேறொன்றைச் சொல்கிறது.

அட்டவணையின் Ksp, அயன்களுடைய செறிவின் பெருக்கம் அல்ல, ஆக்டிவிட்டியின் பெருக்கம். வெள்ளி குளோரைட்டு மாதிரி சொற்பமாகக் கரையும் உப்பில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் வேறுபாடு தெரியாது. Ca(OH)2 அப்படியல்ல. 0.02 M கல்சியமும் 0.04 M ஐதரொட்சைட்டும் இருக்கும் கரைசலில் அயன்கள் ஒன்றையொன்று நன்றாகவே உணரும். எதிர் மின்னேற்றம் சூழ்ந்திருப்பதால் ஒவ்வோர் அயனும் தன் செறிவுக்குக் குறைவாகவே வேலை செய்யும். இரட்டை மின்னேற்றம் உள்ள கல்சியத்துக்கு இந்தக் குறைவு மிக அதிகம்.

மாணவரின் எண்களையே போடுகிறேன். முதலில் எல்லாம் Ca2+ ஆகவும் OH- ஆகவும் பிரிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அயன் வலிமை 3 × 0.0204 = 0.061. செறிவை ஆக்டிவிட்டியாக மாற்றும் குணகத்தைத் தரும் டேவிஸ் சமன்பாட்டில் போட்டால் OH- இன் குணகம் 0.81, Ca2+ இன் குணகம் 0.43.

```
Ksp = 3.4 × 10^-5 × 0.43 × (0.81)^2 = 9.6 × 10^-6
```

ஒரே அடியில் ஏழு மடங்கு இரண்டு மடங்காக இறங்கிவிட்டது. அளவியைத் தொடவே இல்லை.

மிச்ச இரண்டு மடங்குக்குக் காரணம் அயன் சோடி. கல்சியத்தில் ஒரு பங்கு ஐதரொட்சைட்டைப் பிடித்துக்கொண்டு CaOH+ ஆகக் கரைசலில் மிதக்கிறது. அந்தச் சேர்க்கையின் மாறிலியை 20 என்று எடுத்தால், இந்தக் கரைசலில் CaOH+ 0.0050 M வருகிறது. மொத்தக் கல்சியத்தில் கால்வாசி! தனியாக இருக்கும் Ca2+ 0.0154, தனியாக இருக்கும் OH- 0.0358. மின்னேற்றம் குறைவதால் அயன் வலிமையும் 0.051 ஆகிறது, குணகங்கள் 0.45 உம் 0.82 உம்.

```
Ksp = (0.0154 × 0.45) × (0.0358 × 0.82)^2 = 6.0 × 10^-6
```

நூல்கள் தரும் 5 முதல் 6.5 வரையான எல்லைக்குள் வந்துவிட்டது.

---

கோப்பாய்_13ஆம்தரம் எழுதியது:

மிக்க நன்றி. ஒன்று மட்டும் விளங்கவில்லை. கால்வாசிக் கல்சியம் CaOH+ ஆக OH ஐப் பிடித்து வைத்திருக்கிறது என்றால், அந்த OH ஐ அமிலம் எப்படி எண்ணியது? நியமிப்பில் 0.0358 அல்லவா வந்திருக்க வேண்டும்?

---

அயன்முகில் எழுதியது:

அருமையான கேள்வி. அமிலம் விழ விழத் தனி OH- குறைகிறது. குறைந்ததும் CaOH+ பிரிந்து இன்னும் OH- ஐ விடுகிறது. அது நொடிக்குள் நடக்கும். முடிவுப்புள்ளிக்கு வரும்போது CaOH+ எதுவும் மிச்சமிருக்காது. ஆகவே அளவி காட்டுவது, கரைசல் கொடுக்கக்கூடிய மொத்தக் காரத்தை. நியமிப்பதற்கு முன் கரைசலில் தனியாக எவ்வளவு இருந்தது என்பதை அது காட்டாது. நியமிப்பு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்த வேறுபாட்டைப் பிடிக்கவே பிடிக்காது.

ஆனால் pH மானி பிடிக்கும். அது கரைசலைக் கலைக்காமல் பார்க்கிறது. 30 பாகையில் pKw 13.83. 0.0408 முழுவதும் தனியாக, செறிவுக்கேற்பவே வேலை செய்தால் pH 12.44 இருக்க வேண்டும். நான் போட்ட கணக்குப்படி OH- இன் ஆக்டிவிட்டி 0.029, அதற்கு pH 12.30. நிரம்பிய Ca(OH)2 கரைசல் pH மானியைச் சரிபார்க்கும் நியமமாகவே பயன்படுகிறது. அதன் பட்டியல் மதிப்பு 25 பாகையில் 12.45, 30 பாகையில் 12.3 அளவு. உங்கள் கரைசலில் மானியை வைத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: 7 உம் 4 உம் வைத்துச் சரிசெய்த மானி இங்கே நம்பத்தக்கதல்ல. குறைந்தது 10 க்கான தாங்கற் கரைசலாவது வேண்டும். வெப்பநிலைத் திருத்தத்தை 30 க்கு வையுங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

சரி, தப்பு ஒத்துக்குறேன். நான் இத்தனை நாளா அமிலம் நீர்த்துப்போச்சுன்னு பசங்களைத் திரும்பத் திரும்ப டைட்ரேஷன் பண்ண வச்சிருக்கேன்.

ஆனா ஒரு சந்தேகம். இலங்கைச் செய்முறையில் தண்ணியில் மட்டும் இல்லாம 0.1, 0.05, 0.025 M NaOH-லும் கரைச்சுப் பார்ப்பாங்களே. நாலிலும் ஒரே Ksp வந்தா அது 4s³ முறை சரின்னு நிரூபணம் ஆகாதா? ஆக்டிவிட்டி இவ்வளவு பெரிய விஷயம்னா நாலும் நாலு மாதிரி வரணுமே?

---

அயன்முகில் எழுதியது:

நானும் அப்படித்தான் நினைப்பேன் என்றாலும், கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. Ksp 6.0 × 10^-6 என்றும் அயன் சோடி மாறிலி 20 என்றும் வைத்துக்கொண்டு, 0.05 M NaOH இல் என்ன நடக்கும் என்று பின்னோக்கிப் போட்டேன். மொத்தக் கரைந்த கல்சியம் 0.0084 M, மொத்தக் காரம் 0.0668 M. செய்முறையில் சொல்லியபடி பெருக்கினால்:

```
0.0084 × (0.0668)^2 = 3.7 × 10^-5
```

தண்ணீரில் 3.4, இதில் 3.7. பள்ளி ஆய்வுகூடத்தில் இந்த வேறுபாட்டை யாரும் காண மாட்டார்கள். காரணம் எளிது. கல்சியம் குறைந்த அளவுக்கு NaOH வந்து நிற்பதால் அயன் வலிமை பெரிதாக மாறவில்லை, திருத்தமும் இந்த இரண்டு குடுவையிலும் ஏறக்குறைய ஒரே அளவாக ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஒத்துப்போவதால் பொதுவயன் விளைவு உண்மை என்று தெரிகிறது. பெருக்கம் அட்டவணை மதிப்புக்குச் சமம் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

---

தெளிநீர் எழுதியது:

NaOH குடுவைகளில் செய்முறைச் சிக்கலும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். மேலே உள்ள 0.05 M குடுவையில் 25 மி.லீ.க்கு 0.1 M அமிலம் 16.7 மி.லீ. போகும். அதில் 12.5 மி.லீ. NaOH இன் பங்கு. சுண்ணாம்பின் பங்கு மிச்ச 4.2 மட்டும். அளவியில் 0.1 மி.லீ. தவறினால் கல்சியத்தில் இரண்டரை வீதம் போய்விடும். 0.1 M குடுவையில் இன்னும் மோசம். அதனால் NaOH இன் செறிவைப் போத்தல் சீட்டில் பார்த்து எழுதாமல், அதே அமிலத்தால், அதே அளவியால் நியமித்து எடுங்கள். காற்றுப்பட்ட NaOH இல் காபனேற்று இருக்கும். அது கல்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகி, சுண்ணாம்பின் OH- ஐக் கரைசலில் விட்டுக் காரத்தைக் கூட்டிவிடும்.

இனி தண்ணீர்க் குடுவை. இங்கே வாசிப்பின் பிழை விடையில் மூன்று மடங்காகப் பெருகும் என்பதை மறக்கக் கூடாது. s ஐக் கனப்படுத்துவதால் வாசிப்பில் 1 வீதம் தவறினால் Ksp இல் 3 வீதம். அதனால் 0.1 M அமிலத்தைவிட மாணவர் எடுத்த 0.05 M நல்லது. 10 மி.லீ.யில் முடிவதைவிட 20 மி.லீ.யில் முடிந்தால் வாசிப்புப் பிழை பாதியாகும்.

நடைமுறையில் வாசிப்பைக் கெடுப்பவை இரண்டு, இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்.

ஒன்று, வடிதாளைத் தாண்டி வந்த தூள். 0.2 மில்லிகிராமுக்கும் குறைவான Ca(OH)2 குடுவையில் மிதந்தால் போதும், 0.05 M அமிலத்தில் 0.1 மி.லீ. கூடிவிடும். கண்ணுக்கு அது ஒரு மங்கல் மாதிரிகூடத் தெரியாது. அடையாளம் முடிவுப்புள்ளியில்தான் தெரியும். இளஞ்சிவப்பு மறைந்து, குடுவையைச் சுழற்றியபடி இருபது முப்பது நொடி நின்றால் மெல்லத் திரும்பி வரும். மீண்டும் ஒரு துளி, மீண்டும் மறைவு, மீண்டும் திரும்பல். துளித்துளியாகக் கரையும் திண்மம் அது. அப்படிக் கண்டால் அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டு, கரைசலை இரண்டாம் முறை வடிகட்டி மீண்டும் எடுங்கள். வடிதாளும் புனலும் ஏந்தும் குடுவையும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரக் குடுவை கரைசலை நீர்க்கச் செய்யும். முதலில் வரும் 20 மி.லீ.யைக் கொட்டிவிடுங்கள்.

இரண்டு, காற்றிலிருக்கும் காபனீரொட்சைட்டு. ஒரு மூல் CO2 இரண்டு மூல் OH- ஐ எடுத்துக்கொண்டு CaCO3 ஆகும், வாசிப்பு குறையும். வடிகட்டிய கரைசலைத் திறந்து வைத்தால் சிறிது நேரத்தில் மேற்பரப்பில் ஆடை மாதிரி ஒரு மெல்லிய படலம் கட்டும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பளபளக்கும். அதைக் கண்ட கரைசலை நியமிக்க வேண்டாம். நீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டு, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே சுண்ணாம்பைப் போடுங்கள். ஆறாமல் சூட்டோடு போட்டால் குறைவாகவே கரையும். பிறகு ஆற ஆற இன்னும் கரைய வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். அவசரத்தில் வடிகட்டினால் நிரம்பாத கரைசல் கையில் வரும். புனலின் மேல் ஒரு கடிகாரக் கண்ணாடியை வைத்து வடிகட்டுவது பெரிய உதவி.

---

வைகைக்கரை எழுதியது:

இண்டிகேட்டர் மெத்தில் ஆரஞ்சு போடலாமே? வலு அமிலம், வலு காரம், எது போட்டாலும் ஒண்ணுதானே. எங்க லேப்ல பினோல்ப்தலின் காலியாகும்போது அதைத்தான் போடுவோம்.

---

தெளிநீர் எழுதியது:

கரைசல் தெளிவாக இருந்தால் ஒன்றுதான், வேறுபாடு ஒரு துளிக்குள் அடங்கும். ஆனால் மெல்லிய CaCO3 தூள் கலந்திருந்தால் மெதையில் செம்மஞ்சள் அதையும் கரைத்து எண்ணிவிடும். பினோல்தலீன் அதற்கு முன்பே நின்றுவிடும். அதனால் முதலில் பினோல்தலீன் போட்டு நிறம் மறைந்த வாசிப்பை எடுத்து, அதே குடுவையில் மெதையில் செம்மஞ்சள் இட்டுத் தொடருங்கள். ஓரிரு துளிக்குள் நிறம் மாறினால் கரைசல் சுத்தம். அரை மி.லீ. போனால் காபனேற்று உள்ளே வந்திருக்கிறது.

---

சூளைமேட்டுச்சுண்ணம் எழுதியது:

சர்க்கரை முறைக்கு நன்றிங்க. இன்னொண்ணு. அந்த மூணு சரக்கில் ஒண்ணு முதல் தடவை கரைச்சப்போ 22 மி.லீ. காட்டுச்சு. அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு அதே மாவில் புதுத் தண்ணி விட்டுக் கரைச்சா 20.6 தான் வந்துச்சு. மறுபடியும் கொட்டினா 20.5. இது என்ன?

---

தெளிநீர் எழுதியது:

அதில் சோடியம் அல்லது பொற்றாசியக் காரம் கொஞ்சம் இருந்திருக்கும். அது முதல் தண்ணீரிலேயே முழுவதும் கரைந்து போய்விடும், சுண்ணாம்பு மட்டும் ஒவ்வொரு முறையும் நிரம்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் அறியாமல் செய்தது நல்ல சோதனை. மாணவர்களும் இதையே செய்யலாம். முதல் தண்ணீரை ஊற்றிவிட்டு இரண்டாம் தண்ணீரை நியமியுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்துப்போனால்தான் அந்த வாசிப்பை s க்குப் பயன்படுத்தலாம்.

---

கோப்பாய்_13ஆம்தரம் எழுதியது:

ஈ.டி.டி.ஏ. கிடைத்தது, செய்துவிட்டோம். புதுத் தண்ணீரில் மீண்டும் நிரப்பிய கரைசல், 30 பாகை. அமில வாசிப்பு 20.35.

கல்சியத்துக்கு 10.00 மி.லீ. எடுத்து, நீர் சேர்த்து 50 மி.லீ. ஆக்கி, 2 M NaOH 1 மி.லீ. விட்டு, பற்றன்-ரீடர் காட்டியுடன் 0.0100 M ஈ.டி.டி.ஏ. கொண்டு நியமித்தோம். முதல் முறை NaOH விட்டுவிட்டு வைத்திருந்ததில் மங்கலாகிப் போனது. மறுமுறை உடனே நியமித்தோம். வைன் சிவப்பிலிருந்து தெளிவான நீலத்துக்கு மாறியது 20.30 மி.லீ.யில். ஆகவே கல்சியம் 0.0203 M. அமிலத்தால் வந்த காரம் 0.0407 M. விகிதம் 1 : 2.00.

pH மானி 10 இலும் 7 இலும் சரிசெய்தது. வாசிப்பு 12.27 இலிருந்து 12.33 வரை அலைந்தது, நிலையாக நிற்கவில்லை.

---

அயன்முகில் எழுதியது:

விகிதம் 2.00 என்றால் 2 விடுபட்ட கதை முடிந்தது. அமிலத்துக்கும் ஈ.டி.டி.ஏ.க்கும் ஒரே மாதிரி பிழை வந்திருக்க வழியில்லை. pH உம் 12.44 ஐ விட்டு 12.30 பக்கமே நிற்கிறது. அலைவதற்குக் கண்ணாடி மின்வாயில் CaCO3 படிவது காரணமாகலாம். நீர்த்த அமிலத்தில் ஒரு நிமிடம் வைத்துக் கழுவி மீண்டும் பாருங்கள்.

6.0 × 10^-6 என்ற என் விடையில் இரண்டாவது இலக்கத்தை யாரும் பிடித்துக்கொள்ள வேண்டாம். CaOH+ மாறிலியின் மடக்கையை 1.2 என்பவரும் உண்டு, 1.4 என்பவரும் உண்டு. 1.2 போட்டால் Ksp 6.5 × 10^-6, 1.4 போட்டால் 5.5 × 10^-6. அட்டவணைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம். நம் நியமிப்பால் இந்த இடத்தைத் தீர்க்க முடியாது.

---

வைகைக்கரை எழுதியது:

அப்போ தேர்வில் பையன் என்ன எழுதணும்? 3.4 × 10^-5-ஆ, 6 × 10^-6-ஆ? டேவிஸ் சமன்பாடு பாடத்திட்டத்திலேயே இல்லையே.

---

தெளிநீர் எழுதியது:

தேர்வில் 3.4 × 10^-5 mol³ dm⁻⁹, 30 பாகையில், செறிவுகளைக் கொண்டு கணித்தது என்று எழுத வேண்டும். அவர் அளந்தது அதுதான். “நூல் மதிப்பிலிருந்து விலகியதற்கான காரணம்” என்று கேட்டால் முறையாக வடிகட்டவில்லை, வெப்பநிலை மாறியது என்று எழுத வேண்டாம். வடிகட்டல் தவறியிருந்தால் மூன்று வாசிப்பு 0.1 மி.லீ.க்குள் ஒத்துப்போயிருக்காது. வெப்பநிலை 25 இலிருந்து 30 க்கு ஏறினால் கரைதிறன் குறையும், விடை கூடாது. செறிவு அதிகமான அயன் கரைசல், ஒரு பங்கு CaOH+ ஆக இருக்கிறது என்ற ஒரு வரி போதும்.

ஆனால் புள்ளியிடும் திட்டத்தில் 5 × 10^-6 க்கு அருகில் வர வேண்டும் என்று இருந்தால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அதை ஆசிரியர்கள்தான் மாற்ற வேண்டும்.

---

வைகைக்கரை எழுதியது:

மாத்தணும்தான். அதுக்கு முன்னாடி இன்னொண்ணு கேட்டுக்குறேன். புதுசா சுட்ட சுண்ணாம்பில் தண்ணி விட்டு நீர்த்து உடனே பண்ணினா எங்களுக்கு 21.5-க்கு மேல வருது, அதே மாவை ஒரு வாரம் தண்ணியிலேயே ஊறவிட்டுப் பண்ணினா 20.5 பக்கம் இறங்குது. கழுவின பிறகும்தான். சோடியம் காரம்னு சொல்ல முடியல.

---

தெளிநீர் எழுதியது:

மிக நுண்ணிய துகள் சற்றுக் கூடுதலாகக் கரையும். தண்ணீரில் ஊற ஊறச் சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களின் மேல் படியும், கரைதிறன் இறங்கும். நூல்களில் 0.020 இலிருந்து 0.023 வரை பரந்திருப்பதற்கு இது ஒரு காரணம் என்பார்கள். ஆனால் 1 மி.லீ. அளவுக்கு இறங்குவது முழுக்க இதனால்தானா, அல்லது ஒரு வாரத்தில் மூடி வழியாக CO2 புகுந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் ஊறிய மாவில் பழைய தண்ணீரை ஊற்றிவிட்டு, கொதித்து ஆறிய புதுத் தண்ணீரை விட்டு, ஒரு நாள் கழித்து நியமியுங்கள். 21.5 க்குத் திரும்பினால் CO2. 20.5 இலேயே நின்றால் படிகம்.

---

வைகைக்கரை எழுதியது:

திங்கட்கிழமை போட்டு வைக்கிறேன். ஒரு நாள் கழிச்சு வாசிப்பை இங்கேயே போடுறேன்.